வீட்டு சர்வர்: நண்பர்களுக்கு மட்டும் ஒரு வாசல்

2021 டிசம்பர் இரண்டாவது வாரம். மைன்கிராஃப்ட் விளையாடிக்கொண்டிருந்தவர்களின் அரட்டைப் பெட்டியில் விசித்திரமான வரிகள் வரத் தொடங்கின. `${jndi:ldap://` என்று தொடங்கி ஏதோ ஓர் இணைய முகவரியில் முடியும் வரிகள். பார்த்தவர்களுக்கு அது வெறும் கிறுக்கல். ஆனால் அந்த ஒரு வரி போதும், சர்வர் ஓடிக்கொண்டிருந்த கணினியே முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போய்விடும்.

காரணம் விளையாட்டில் இல்லை. அரட்டையில் வரும் ஒவ்வொரு வரியையும் பதிவேட்டில் எழுதிவைக்க லாக்ஃபோர்ஜே என்ற இலவச மென்பொருளை மைன்கிராஃப்ட் பயன்படுத்தி வந்தது. அந்த மென்பொருள் தன்னிடம் வரும் வரியை அப்படியே எழுதாமல், அதில் இருக்கும் முகவரியைத் தேடிப் போய், அங்கே கிடைக்கும் நிரலை எடுத்து வந்து ஓட்டியது. 2013 முதல் அதற்குள் இருந்த ஓட்டை அது. உலகம் முழுக்கப் பெரிய பெரிய நிறுவனங்களைத் தூங்கவிடாமல் செய்த ‘லாக்ஃபோர்ஷெல்’ விவகாரம் வெளியே தெரிந்த முதல் இடங்களில் ஒன்று, சிறுவர்கள் கட்டை அடுக்கி வீடு கட்டும் இந்த விளையாட்டு. டிசம்பர் 10 அன்றே 1.18.1 என்ற திருத்தப்பட்ட பதிப்பு வந்துவிட்டது. அதை உடனே போட்டவர்கள் தப்பினார்கள்.

வீட்டில் சர்வர் வைத்து நண்பர்களை அழைக்க நினைக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தச் சம்பவத்துக்குள் இருக்கிறது. அந்த வரியைத் தட்டச்சு செய்ய, ஒருவர் முதலில் சர்வருக்குள் நுழைந்திருக்க வேண்டும். ஊருக்கே திறந்து வைத்திருந்த சர்வர்களில் அதை யார் வேண்டுமானாலும் செய்ய முடிந்தது. தெரிந்த ஐந்து பேர் மட்டுமே வந்துபோகும் சர்வரில், வெளியாள் அரட்டைப் பெட்டி வரை வரவே வழியில்லை.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கோவையில் ஒரு கல்லூரி மாணவர். பள்ளியில் ஒன்றாகப் படித்த கூட்டம் கலைந்து ஒருவர் மதுரையில், ஒருவர் சென்னையில், இருவர் பெங்களூரில். சித்தப்பா மகன் சிங்கப்பூரில். இரவு ஒன்பது மணிக்கு மேல் எல்லோரும் ஒரே உலகத்தில் கூடி விளையாட வேண்டும். மாதவாடகைக்கு சர்வர் தரும் நிறுவனங்கள் நிறைய உண்டு. ஆனால் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது: எட்டு ஜிபி நினைவகம், திரையில் ஒரு கீறல், மற்றபடி குறையில்லை.

இந்த வேலைக்கு அது தாராளம். விளையாட்டின் ஜாவா பதிப்புக்கான சர்வர் மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வத் தளமே இலவசமாகத் தருகிறது. ஒரே ஒரு கோப்பு, `server.jar`. அதைத் தனி ஃபோல்டரில் வைத்து, பொருத்தமான ஜாவா பதிப்பை நிறுவி, ஒரு கட்டளை கொடுத்தால் போதும்:

```
java -Xms2G -Xmx4G -jar server.jar nogui
```

முதல் முறை ஓட்டும்போது சர்வர் உடனே நின்றுவிடும். பயப்பட வேண்டாம். `eula.txt` என்ற கோப்பை உருவாக்கி வைத்துவிட்டு, உரிம நிபந்தனைக்குச் சம்மதமா என்று காத்திருக்கிறது. அதில் `eula=true` என்று மாற்றி மறுபடி ஓட்டினால் உலகம் உருவாகத் தொடங்கும். திரையில் `Done` என்று ஒரு வரி வந்ததும் சர்வர் தயார். கட்டளையில் உள்ள `-Xmx4G` என்பது, அதிகபட்சம் நான்கு ஜிபி நினைவகம் எடுத்துக்கொள் என்று சொல்வது. ஐந்தாறு பேருக்கு அது போதும். இருக்கும் எட்டையும் அதற்கே கொடுத்துவிட்டால் கணினியின் மற்ற வேலைகள் மூச்சுத் திணறும்.

சர்வர் திணறுகிறதா என்பதை அதுவே சொல்லிவிடும். இந்த விளையாட்டின் இதயம் விநாடிக்கு 20 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் 50 மில்லிவிநாடிதான் அவகாசம். ஆடுமாடுகள் நடப்பது, பயிர் வளர்வது, தண்ணீர் ஓடுவது எல்லாம் அதற்குள் கணக்கிடப்பட வேண்டும். முடியாமல் போனால் `Can't keep up! Is the server overloaded?` என்று பதிவேட்டில் வரி விழும். அப்போது பலரும் நினைவகத்தைக் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் அது பலன் தருவதில்லை, ஏனென்றால் இந்தக் கணக்கில் பெரும்பகுதியை பிராசசரின் ஒரே ஒரு கோர்தான் செய்கிறது. அதன் சுமையைக் குறைப்பதே வழி. `server.properties` கோப்பில் `view-distance` என்ற எண் 10 என்று இருக்கும். ஒவ்வொருவரைச் சுற்றியும் எத்தனை கட்டம் தூரத்துக்கு உலகத்தை அனுப்ப வேண்டும் என்பதை அது சொல்கிறது. 10 என்றால் ஆளுக்கு 21 பெருக்கல் 21, அதாவது 441 கட்டங்கள். அதை 6 ஆக்கினால் 169. பழைய லேப்டாப்புக்கு இது பெரிய நிம்மதி. கண்ணுக்குத் தெரியும் தூரம் குறையும், அவ்வளவுதான். பக்கத்திலேயே `simulation-distance` என்று இன்னொரு எண் உண்டு. விலங்குகளும் பயிர்களும் எத்தனை கட்டம் வரை இயங்க வேண்டும் என்பது அது. கோருக்கு வேலை வைப்பதில் அதற்குத்தான் பங்கு அதிகம் என்பதால் அதையும் சேர்த்தே குறைக்க வேண்டும்.

இதுவரை எல்லாம் சுலபம். ஒரே வைஃபையில் இருக்கும் தம்பி `192.168` என்று தொடங்கும் முகவரியைப் போட்டு உடனே உள்ளே வந்துவிடுவான். சிக்கல் மதுரை நண்பரிடமிருந்து வரும்.

“மச்சான், உள்ள வர முடியல. கனெக்‌ஷன் டைம்ட் அவுட்னு வருது.”

அந்தப் பிழைச்செய்தியை அவசரப்படாமல் படித்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. `Connection timed out` என்றால் நண்பரின் கணினி அனுப்பிய அழைப்பு லேப்டாப்பை வந்தடையவே இல்லை, வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. `Connection refused` என்றால் அழைப்பு ஒரு கணினி வரை வந்துவிட்டது, ஆனால் அந்த எண்ணில் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. பெரும்பாலும் சர்வரை ஓட்ட மறந்திருப்பார்கள். `You are not whitelisted on this server!` என்றால் இணைப்பில் குறையே இல்லை, விருந்தினர் பட்டியலில்தான் பெயர் இல்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இது தெரியாமல் டைம்ட் அவுட்டுக்காக சர்வரை நாலு தடவை அழித்து நிறுவுகிறவர்கள் உண்டு.

டைம்ட் அவுட்டுக்கு இணையத்தில் பழகிப்போன மருந்து போர்ட் ஃபார்வர்டிங். வீட்டு ரவுட்டரின் அமைப்புக்குள் போய், வெளியிலிருந்து 25565 என்ற எண்ணுக்கு வரும் அழைப்புகளை இந்த லேப்டாப்புக்கு அனுப்பு என்று எழுதிவைப்பது. 25565 என்பது ஜாவா பதிப்பின் வழக்கமான போர்ட். கோவை மாணவர் அதையும் செய்கிறார். மதுரையில் அதே டைம்ட் அவுட்.

இங்கேதான் இந்திய வீட்டு இணைப்புகளின் ஒரு சங்கதி குறுக்கே நிற்கிறது. பழைய முறையிலான ஐபி முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் 430 கோடி அளவில்தான் உண்டு. 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பு தீர்ந்துபோனது. ஆகவே இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்காரவைக்கின்றன. சிஜிநாட் என்பது அதன் பெயர். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வெளியில் ஒரே ஒரு கதவு எண் இருந்து, உள்ளே இருக்கும் வீடுகளுக்கெல்லாம் வாட்ச்மேன் மட்டுமே அறிந்த எண்கள் இருந்தால் எப்படியோ அப்படி. வீட்டிலிருந்து வெளியே போகலாம், போனதற்குப் பதில் வந்து சேரும். ஆனால் புதிதாக வாசலில் வந்து நிற்கும் மதுரைக்காரரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. மாணவர் ரவுட்டரில் எழுதிய கட்டளை அவர் வீட்டுக் கதவுக்குத்தான். பெரிய வாசல் இணைய நிறுவனத்திடம் இருக்கிறது.

தம் வீடும் அப்படித்தானா என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து `WAN IP` என்ற இடத்தில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் தெரியும் எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் வீட்டுக்குச் சொந்தமாகப் பொது முகவரி இருக்கிறது. வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ள எண் `100.64` முதல் `100.127` வரையிலான ஏதோ ஒன்றில் தொடங்கினால் ஐயமே வேண்டாம், அது சிஜிநாட். அந்த எண் வரிசையை இதற்கென்றே 2012இல் ஒதுக்கி வைத்தார்கள். `10.` என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். இப்படிப்பட்ட வீட்டில் ரவுட்டர் அமைப்பை எவ்வளவு மாற்றினாலும் மதுரைக்காரர் வரப்போவதில்லை.

கூடுதல் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம். பல நிறுவனங்கள் தருகின்றன. வாங்கினால் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யும். ஆனால் ஐந்து நண்பர்களுக்காக அதைச் செய்யத்தான் வேண்டுமா என்பதே கேள்வி. அந்த வாசலைத் திறந்தபின் அதில் தட்டப்போவது ஐந்து பேர் மட்டுமல்ல.

2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். நல்ல வேக இணைப்பு கொண்ட ஒரே ஒரு கணினி, உலகத்தின் மொத்தப் பழைய ஐபி முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் பார்த்து முடித்துவிடும். அது ஆராய்ச்சிக்காகச் செய்யப்பட்டது. அதே உத்தியில் 25565ஐ மட்டும் தேடி அலையும் நிரல்களை எழுதியவர்கள் பிறகு வந்தார்கள். கண்ணில் பட்ட சிறிய சர்வர்களைப் பட்டியலிட்டு, காவல் இல்லாதவற்றுக்குள் புகுந்து, மாதக்கணக்கில் கட்டிய வீடுகளைக் கொளுத்திவிட்டுப் போவது அவர்களில் சிலருக்குப் பொழுதுபோக்கு. முகவரியை யாருக்கும் சொல்லவில்லையே என்பது காவல் ஆகாது. போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் தட்டுகிறவர்கள் குறைவார்களே தவிர நிற்கமாட்டார்கள். பொது வாசல் திறந்த வீட்டின் சர்வர் பதிவேட்டைப் புரட்டினால், நண்பர்களில் யாருக்கும் இல்லாத பெயர்களும் எங்கெங்கோ உள்ள ஐபி எண்களும் வந்து திரும்பிய தடயம் தெரியும்.

வீட்டின் முகவரி வெளியே தெரிவதில் இன்னொரு அபாயமும் உண்டு. 2016இல் உலகை உலுக்கிய மிராய் என்ற தாக்குதல் கருவியை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள், மைன்கிராஃப்ட் சர்வர் வியாபாரத்தில் புழங்கியவர்கள். பாஸ்வேர்ட் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பல்லாயிரக்கணக்கில் பிடித்து, அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரு முகவரி மீது ஏவிவிடும் கருவி அது. போட்டி சர்வர்களைச் சாய்ப்பதும் அதன் வேலைகளில் ஒன்றாக இருந்தது. 2017இல் மூவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்த அளவுத் தாக்குதலில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம், ஒரு வீட்டு ஃபைபர் இணைப்பு படுத்துவிடும். அண்ணனின் விளையாட்டால் அம்மாவின் வீடியோ அழைப்பும் அப்பாவின் அலுவலக வேலையும் நிற்கும்.

ஸ்டாட்டிக் ஐபி ஏற்கெனவே இருந்து, போர்ட் திறந்தே தீருவேன் என்பவர்கள் 25565ஐ மட்டும், அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும் திறக்க வேண்டும். ரவுட்டரில் `DMZ` என்று ஒரு வசதி இருக்கும். அதை அழுத்தினால் எல்லாம் சட்டென்று வேலை செய்வதுபோல் தோன்றும், ஏனென்றால் அது லேப்டாப்பின் எல்லா வாசல்களையும் ஊருக்குத் திறந்துவிடுகிறது. அதைத் தொடவே கூடாது.

கோவை மாணவருக்கு ஏற்ற வழி வேறு. தனக்கும் நண்பர்களுக்கும் மட்டும் ஒரு தனி வலைப்பின்னல் அமைத்துக்கொள்வது. வயர்கார்ட் என்ற குறியாக்க முறை 2020இல் லினக்ஸின் கருவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அதை அடிப்படையாக வைத்து, சாதாரணப் பயனர்களும் கையாளும்படி செய்த சேவைகளில் ஒன்று டெயில்ஸ்கேல். சொந்த உபயோகத்துக்கு இலவசத் திட்டம் உண்டு. லேப்டாப்பில் அதை நிறுவி, இருக்கும் கூகுள் கணக்கிலேயே நுழைந்தால், லேப்டாப்புக்கு `100.` என்று தொடங்கும் ஒரு தனி முகவரி கிடைக்கும். சிஜிநாட் எண்களைப் போலவே இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அதே ஒதுக்கப்பட்ட வரிசையிலிருந்துதான் இந்தச் சேவையும் முகவரி எடுத்துக்கொள்கிறது. இந்த முகவரி அந்த வலைப்பின்னலில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பொருள்படும். ஸீமேப் போன்ற கருவி உலகம் முழுக்கத் தேடினாலும் அகப்படாது.

சிஜிநாட்டை இது எப்படித் தாண்டுகிறது? இரண்டு வீட்டுக் கணினிகளும் முதலில் தாமாகவே வெளியே வந்து, நடுவில் இருக்கும் ஒரு சர்வரிடம் தாங்கள் வெளியில் எந்த எண்ணில் தெரிகிறோம் என்று கேட்டறிகின்றன. அந்த எண்களைப் பரிமாறிக்கொண்டு, இரண்டும் ஒரே சமயத்தில் ஒன்றையொன்று அழைக்கின்றன. இரு பக்க வாட்ச்மேன்களுக்கும் அது உள்ளிருந்து வெளியே போன அழைப்பாகத்தான் தெரியும், ஆகவே அதற்கு வரும் பதிலை உள்ளே விட்டுவிடுகிறார்கள். அதன்பின் விளையாட்டுத் தகவல் நடுவர் யாருமில்லாமல் நேராகப் போகும். ரவுட்டரில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

நண்பர்களைச் சேர்க்கும்போது ஒரு நுணுக்கம். தன் கணக்கின் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி “இதுலயே லாகின் பண்ணிக்கோ” என்பது சோம்பேறி வழி. அப்படிச் செய்தால் நண்பர்கள் மாணவரின் எல்லாக் கருவிகளுக்கும் உரிமையாளர் ஆகிவிடுகிறார்கள். அதற்குப் பதில், நிர்வாகப் பக்கத்தில் லேப்டாப்புக்கு நேரே உள்ள `Share` என்பதை அழுத்தி, ஆளுக்கு ஓர் அழைப்பு இணைப்பை அனுப்ப வேண்டும். நண்பர் தன் சொந்தக் கணக்கில் நுழைந்து அதை ஏற்றுக்கொள்வார். அவருக்கு அந்த ஒரு லேப்டாப் மட்டுமே தெரியும், மாணவரின் கைபேசியோ மற்ற கணினியோ தெரியாது. மறுதிசையிலும் காவல் உண்டு. பகிரப்பட்ட லேப்டாப்பிலிருந்து நண்பரின் கணினியை நோக்கிப் புதிய இணைப்பு எதையும் தொடங்க முடியாது. கூட்டத்தில் சேர்கிற நண்பருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனாலும் அந்த லேப்டாப்பின் எல்லா போர்ட்டுகளும் நண்பருக்குத் தெரியும். அதில் பகிர்ந்துவைத்த ஃபோல்டர்கள் இருந்தால் அவையும் எட்டும் தூரத்தில்தான். லினக்ஸில் ஃபயர்வாலைப் போட்டு இதைத் தடுத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். டெயில்ஸ்கேல் வழியாக வருவதை அனுமதிக்கும் விதியை அந்தச் சேவையே ஃபயர்வாலில் முந்திக்கொண்டு எழுதிவிடுவதால் அந்தத் தடை பலிப்பதில்லை. சரியான இடம் சேவையின் நிர்வாகப் பக்கத்தில் உள்ள `Access controls`. எல்லோருக்கும் எல்லாம் என்றிருக்கும் தொடக்க விதியை எடுத்துவிட்டு, இரண்டு விதிகள் எழுதினால் போதும்:

```
{"action": "accept", "src": ["autogroup:member"], "dst": ["*:*"]},
{"action": "accept", "src": ["autogroup:shared"], "dst": ["*:25565"]}
```

முதல் விதி உரிமையாளருக்கு. இரண்டாவது, பகிர்வின் மூலம் வந்தவர்கள் விளையாட்டின் போர்ட்டை மட்டும் தொடலாம் என்கிறது.

இனி மதுரைக்காரர் `100.` முகவரியைப் போட்டதும் உள்ளே வருவார். சிங்கப்பூர் தம்பி மட்டும் “அண்ணா, ரொம்ப லேக் ஆகுது” என்பான். அதையும் யூகிக்க வேண்டியதில்லை. அவன் கணினியில் `tailscale ping` என்று லேப்டாப்பின் பெயரோடு கொடுத்துப் பார்த்தால் பதிலில் வழி தெரியும். ஓர் ஐபி எண்ணைக் காட்டினால் இணைப்பு நேராகப் போகிறது. `via DERP(sin)` அல்லது `via DERP(blr)` என்று வந்தால், நேர்வழி கிடைக்காமல் சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ உள்ள இடைநிலை சர்வர் வழியாகச் சுற்றிப் போகிறது என்று பொருள். தகவல் குறியாக்கத்தில்தான் போகும், நடுவில் உள்ளவர் படிக்க முடியாது. ஆனால் தாமதம் கூடும். முதல் சில விநாடிகள் இப்படிச் சுற்றிப் போய்ப் பிறகு நேர்வழிக்கு மாறுவது இயல்பு. மாறவே இல்லை என்றால் தம்பி இருக்கும் விடுதி வைஃபை கெடுபிடியானதாக இருக்கலாம். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயன்று பார்த்தால் குறை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

வலைப்பின்னல் யார் வாசல் வரை வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. வந்தவர் சொல்லும் பெயர் அவருடையதுதானா என்பதை சர்வர் பார்க்க வேண்டும். `server.properties` கோப்பில் `online-mode=true` என்ற வரி அதற்குத்தான். யாராவது நுழையும்போது, அவர் உண்மையிலேயே அந்தக் கணக்கின் சொந்தக்காரர்தானா என்று மைன்கிராஃப்ட் நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளும். காசு கொடுத்து வாங்காத பிரதியை வைத்திருக்கும் ஒரு நண்பருக்காக இதை `false` ஆக்குவது நம்மூரில் சர்வசாதாரணம். அதன் விலை என்ன என்பதைத் தெரிந்து செய்கிறவர்கள் குறைவு. `false` ஆனதும் சர்வர் யாரையும் சரிபார்ப்பதில்லை, தட்டச்சு செய்த பெயரை அப்படியே நம்புகிறது. மாணவரின் பெயரைத் தட்டினால் அவராகவே உள்ளே வரலாம், அவருக்குள்ள நிர்வாக உரிமையோடு. விருந்தினர் பட்டியலும் பெயரை வைத்தே இயங்குவதால் அதுவும் பொம்மைக் காவல்தான். பொது வாசல் திறந்த சர்வரில் இப்படிச் செய்வது வீட்டை எழுதிக்கொடுப்பதற்குச் சமம்.

`true` என்று இருக்கும்போது விருந்தினர் பட்டியல் உண்மையான காவல் ஆகிறது. `white-list=true`, `enforce-whitelist=true` என்று இரண்டு வரிகளை மாற்றி, சர்வரின் கட்டளைத் திரையில் `whitelist add` என்று ஒவ்வொரு நண்பரின் விளையாட்டுப் பெயரோடும் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. `op` என்ற கட்டளை முழு நிர்வாக உரிமையைக் கொடுப்பது, சர்வரையே நிறுத்தும் அதிகாரம் உட்பட. அதை நட்பின் அடையாளமாக எல்லோருக்கும் வாரி வழங்கக் கூடாது. மாணவர் தூங்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ள இன்னொருவர் போதும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கைபேசியில் விளையாடுவது பெட்ராக் என்ற வேறு பதிப்பு, ஜாவா சர்வருக்குள் அது நேரடியாக வராது. கைசர் என்ற இணைப்பு நிரல் இருவருக்கும் நடுவே மொழிபெயர்க்கும். அதற்கு 19132 என்ற இன்னொரு போர்ட் வேண்டும், மேலே உள்ள விதியிலும் அதைச் சேர்க்க வேண்டும்.

இப்படிச் சேர்க்கும் மாட், ப்ளகின் ஒவ்வொன்றும் யாரோ எழுதிய நிரல். அவை சர்வருக்குள் உட்கார்ந்து, சர்வருக்கு உள்ள எல்லா உரிமையோடும் ஓடுகின்றன. 2023 ஜூனில் ஃப்ராக்சரைசர் என்ற தீநிரல், மாட்களைத் தரவிறக்கும் பெயர்பெற்ற தளமான கர்ஸ்ஃபோர்ஜிலேயே, கைப்பற்றப்பட்ட சில கணக்குகள் வழியாகப் புகுந்தது. நல்ல மாட் என்று நம்பிப் போட்டவர்களின் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் கணக்கு விவரங்களும் களவு போயின. நண்பர்கள் அத்தனை பேரும் நல்லவர்களாக இருந்தும் நடக்கக்கூடிய விபத்து இது. ஆகவே சர்வரை அன்றாடம் புழங்கும் கணக்கில் ஓட்டாமல், அந்தக் கணினியில் நிர்வாக உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் ஓட்ட வேண்டும். அந்தக் கணக்கில் பிரவுசர் திறக்கக் கூடாது, வங்கி வேலை கூடாது, குடும்பப் படங்கள் கூடாது. தீநிரல் வந்தாலும் திருடுவதற்கு அங்கே விளையாட்டு உலகத்தைத் தவிர எதுவும் இருக்காது.

லேப்டாப் முழுநேரமும் ஓடினால் கரன்ட் எவ்வளவு என்று வீட்டில் கேட்பார்கள். முப்பது வாட் என்று வைத்தால் மாதத்துக்கு 22 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு, இரண்டு மாதக் கணக்கில் 43. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு அருகே வருகிறது. இரவில் மட்டும் ஓட்டினால் இன்னும் குறையும். கரன்ட் கட்டைச் சமாளிக்க லேப்டாப்பின் பேட்டரியே யூபிஎஸ், ஆனால் ரவுட்டருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் இல்லையென்றால் இணைப்பு அறுந்துவிடும். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பாக இருந்தால் நிலைமை மோசம். சர்வர் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரன்ட் போனால் உலகக் கோப்புகள் பழுதாகலாம். அடுத்த நாள் வந்து பார்த்தால், நண்பர்கள் கட்டிய கோட்டை இருந்த இடத்தில் புதிதாக முளைத்த மொட்டை மலை நிற்கும்.

அதனால் உலகம் இருக்கும் `world` ஃபோல்டரை நாளுக்கு ஒருமுறை நகலெடுக்க வேண்டும். சர்வர் ஓடும்போதே அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய கோப்பும் நகலாகிவிடும். `stop` கொடுத்து நிறுத்திவிட்டு எடுப்பது உத்தமம். நிறுத்த முடியாத நேரத்தில் முதலில் இவை இரண்டும்:

```
save-off
save-all flush
```

திரையில் `Saved the game` என்று வந்த பிறகு ஃபோல்டரை நகலெடுத்து, முடிந்ததும் `save-on` கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்டளையை மறந்தால் அதற்குப் பின் விளையாடியது எதுவும் தானாகச் சேமிக்கப்படாது. நகல் அதே லேப்டாப்பில் இருந்தால் வட்டு கெடும்போது இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு பென்டிரைவோ வேறு கணினியோ வேண்டும். ஏழு நாள் நகல்களையாவது வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் பழுது நடந்த அன்றே கண்ணில் படுவதில்லை. எடுத்த நகலை ஒருமுறையாவது வேறு ஃபோல்டரில் போட்டு, அதே பதிப்பு `server.jar` உடன் ஓட்டிப் பார்க்க வேண்டும். நண்பர்கள் இல்லாத பகல் நேரத்தில் செய்யலாம். சர்வர் `Done` என்று சொன்னதும் உள்ளே போய், மதுரைக்காரரின் வீடு, பெங்களூர்க்காரர்களின் பண்ணை, நேற்று வைத்த பெட்டிக்குள் உள்ள சாமான்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம்.